விடைத்தாள்களைச் சுட்டெண் வரிசைப்படி அடுக்குதல்: குழப்பத்தின் அடையாளமும் அதை நீக்கும் வழியும்

மட்டக்களப்பு மாவட்டத்தில் நடக்கும் முன்னோடிப் பரீட்சைகளின் விடைத்தாள்கள், திருத்தி முடிந்து திரும்பி வரும்போது, பரீட்சை மண்டபத்தில் சேகரித்த ஒழுங்கில் வருவதில்லை. செங்கலடியில் எழுதிய தாளும் களுவாஞ்சிகுடியில் எழுதிய தாளும் ஒரே திருத்துநரின் கட்டில் கலந்திருக்கும்; புள்ளிப் பட்டியலோ சுட்டெண் வரிசையில் இருக்கும். தாளை ஒவ்வொன்றாக எடுத்துப் பட்டியலில் இடம் தேடிப் புள்ளியைப் பதிவதைவிட, முதலில் தாள்களை வரிசையாக்கிவிட்டுப் பட்டியலோடு ஒத்துச் செல்வதே விரைவானது, பிழையும் குறைவு. அறை அறையாகப் பிரித்த இறாக்கையைக் கொண்டு, ஒன்றினிடம், பத்தினிடம், நூறினிடம் என மூன்று சுற்றில் இதைச் செய்யும் முறை பல அலுவலகங்களில் வழக்கில் உள்ளது. ஆனால் மூன்றாவது சுற்று முடிந்து கட்டை விரித்துப் பார்க்கும்போது வரிசை குழம்பியிருந்தால், பெரும்பாலானோர் எல்லாவற்றையும் கலைத்து மீண்டும் தொடங்கிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் தேவையற்ற வேலை. குழப்பம் எந்த வடிவில் தெரிகிறது என்பதைப் பார்த்தே, எந்தச் சுற்றில் என்ன தவறு நேர்ந்தது என்பதையும், எவ்வளவைத் திருத்தினால் போதும் என்பதையும் சொல்லிவிடலாம்.

எடுத்துக்கொண்ட உதாரணமும் சரியான முறையும்

0001 முதல் 1248 வரை சுட்டெண் பெற்ற பரீட்சார்த்திகளின் தாள்கள் என்று வைத்துக்கொள்வோம். இறாக்கை, மேல் வரிசையில் 0 முதல் 4 வரையும் கீழ் வரிசையில் 5 முதல் 9 வரையுமாகப் பத்து அறைகள் கொண்டது. அதன் அருகே மூன்று வெறும் காகிதப் பெட்டிகளையும், வாசிக்க முடியாத எண்ணுள்ள தாள்களுக்கென ஒரு தட்டையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதற்சுற்றில் சுட்டெண்ணின் கடைசி இலக்கத்தை மட்டும் பார்த்து, அந்த இலக்கத்துக்குரிய அறையில் தாளை இட வேண்டும். எல்லாத் தாள்களும் முடிந்தபின், 0 அறையிலிருந்து 9 அறை வரை கட்டுகளை வரிசையாக எடுத்து, அதே ஒழுங்கில் இரண்டாம் சுற்றுக்குக் கொடுக்க வேண்டும். இரண்டாம் சுற்றில் பத்தினிடத்து இலக்கத்தை மட்டும் பார்க்க வேண்டும். மூன்றாம் சுற்றில் முதல் இரண்டு இலக்கங்களையும் சேர்த்தே வாசித்து, 00 முதல் 09 வரையானவற்றை இறாக்கையிலும், 10, 11, 12 என்பவற்றைப் பக்கத்திலுள்ள மூன்று பெட்டிகளிலும் இட வேண்டும். இப்படிச் சேர்த்து வாசிப்பதால் ஆயிரத்தினிடத்துக்கென நான்காவது சுற்று தேவைப்படாது. ஒரு தாளை எடுத்து, எண்ணைப் பார்த்து, இடுவதற்கு மூன்று விநாடி எனக் கொண்டால், ஒருவர் தனியே செய்தாலும் முழு வேலையும் மூன்று மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே எடுக்கும்.

இம்முறை முழுவதும் ஒரேயொரு நிபந்தனையில் தங்கியுள்ளது: ஒரே அறைக்குள் விழும் தாள்கள், அவை எந்த ஒழுங்கில் வந்தனவோ அந்த ஒழுங்கிலேயே வெளியே எடுக்கப்பட வேண்டும். 0471, 0473, 0478 ஆகிய மூன்றும் முதற்சுற்றினால் இந்த ஒழுங்கில் வந்து, இரண்டாம் சுற்றில் 7ஆம் அறையில் விழுகின்றன. அந்த அறைக்குள் அவற்றின் ஒழுங்கு மாறினால், முதற்சுற்றின் உழைப்பு அந்த இடத்திலேயே அழிந்துவிடும்.

கட்டு முகம் மேலே பார்த்தபடி இருக்க, மேலிருந்து ஒரு தாளை எடுத்து, எண்ணை வாசித்து, அறையில் முகம் கவிழ்த்து வைப்பதே இந்த ஒழுங்கைக் காக்கும் வழி. முதலில் வைத்த தாள் அடியில் இருக்கும். சுற்று முடிந்ததும் கட்டை அப்படியே நிமிர்த்தினால் அது மேலே வந்துவிடும். 1248 விடைத்தாள்களை ஒரே அடுக்காக்கி நிமிர்த்துவது இயலாத காரியம். ஆகவே ஒவ்வொரு அறையின் கட்டையும் தனித்தனியாக நிமிர்த்தி, 0ஆம் கட்டு, 1ஆம் கட்டு என மேசையில் வரிசையாக வைத்துவிட்டு, அந்த வரிசையிலேயே அடுத்த சுற்றுக்கு எடுக்கலாம். துளையட்டைக் காலத்தில் ஐபிஎம் 083 வரிசையாக்கும் பொறி நிமிடத்துக்கு 1000 அட்டைகளைப் பிரித்தபோதும், அட்டைகளை முகம் கவிழ்த்தே ஊட்டினார்கள், வலப்பக்கத்து இலக்கத்திலிருந்தே தொடங்கினார்கள். பத்து இலக்கங்களுக்கான அறைகள் போக, எங்கும் சேராத அட்டைக்கென அதிலும் ஓர் அறை இருந்தது.

முதலில் பார்க்க வேண்டியது: தவறு எத்தனை இடங்களில் தெரிகிறது?

மூன்று சுற்றும் முடிந்த கட்டுகளில் ஏதோ பிழை என்று கண்டவுடன் எதையும் இடம் மாற்றக்கூடாது. 03ஆம் நூற்றுக் கட்டையும் 08ஆம் நூற்றுக் கட்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரே வகையான குழப்பம் இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தால், பத்துகள் தலைகீழாக நின்றாலொழிய, தவறு மூன்றாம் சுற்றுக்கு முன்னரே நேர்ந்துவிட்டது. இரண்டாம் சுற்றில் ஒரு கட்டை இடம் மாற்றி எடுத்தால் அதன் சுவடு ஏறக்குறைய எல்லா நூறுகளிலும் விழும். முதற்சுற்றில் அப்படி எடுத்தால் எல்லாப் பத்துகளிலும் விழும். ஒரு நூற்றுக் கட்டில் மட்டுமே குழப்பம் இருந்து மற்றவை சரியாக இருந்தால், தவறு கடைசிச் சுற்றில்தான்.

உதாரணமாக, ஒவ்வொரு நூறிலும் 50களின் தாள்கள் 40களுக்கு முன்னே நிற்கின்றன என்றால், இரண்டாம் சுற்று முடிந்து கட்டுகளை எடுத்தபோது 5ஆம் அறையை 4ஆம் அறைக்கு முன்னே எடுத்திருக்கிறார்கள். திருத்தம் எளிது: ஒவ்வொரு நூறிலும் அந்த இரண்டு சிறு கட்டுகளை மட்டும் முன்பின் மாற்றி வைத்தால் போதும். ஆனால் ஒவ்வொரு பத்திலும் 5இல் முடிவது 4இல் முடிவதற்கு முன்னே நிற்கிறது என்றால், அது முதற்சுற்றின் தவறு. நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் இரண்டு தாள்களை மாற்ற வேண்டியிருக்கும். அவ்வளவு தூரம் போகாமல் இருக்க, முதற்சுற்று முடிந்ததும் கட்டுகளின் எண் எழுதிய மூலையை விரலால் ஓட்டிப் பார்ப்பது நல்லது. கடைசி இலக்கம் ஒன்பது தடவை மட்டுமே மாற வேண்டும். அதுவும் ஒவ்வொரு தடவையும் ஒன்றால் கூட வேண்டும்.

நூறு சரி, ஆனால் உள்ளே எண்கள் பின்னோக்கிப் போகின்றன

அதிகம் காணப்படும் குழப்பம் இதுவே. "சேர், நானூறெல்லாம் ஒரே இடத்திலதான் இருக்கு, ஆனா தொண்ணூறில தொடங்கி கீழ வருது" என்று உதவிக்கு வந்த இளம் ஆசிரியர் சொல்வார். தாளை முகம் கவிழ்க்காமல், முகம் மேலே பார்த்தபடியே அறையில் அடுக்கியதால் வந்தது இது. மேலிருந்து எடுத்து மேலேயே வைத்தால் ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒழுங்கு தலைகீழாகிறது. முதலில் வந்த 0471 அடியிலும் கடைசியாக வந்த 0478 மேலும் இருக்கும்.

எந்தச் சுற்றில் இப்படிச் செய்தார்கள் என்பதைக் கட்டின் உள்ளொழுங்கே காட்டிவிடும். நூறு முழுவதும் நேர் தலைகீழாக, 0499, 0498 எனத் தொடங்கி 0400இல் முடிந்தால், மூன்றாம் சுற்றில் மட்டும் தவறு நேர்ந்திருக்கிறது. அந்த நூற்றுக் கட்டை எடுத்து, மேலிருந்து ஒவ்வொரு தாளாக, முகம் மேலே பார்த்தபடி, மேசையில் அடுக்கினால் வரிசை நிமிர்ந்துவிடும். பத்துகள் ஏறுவரிசையிலும் ஒவ்வொரு பத்துக்குள் ஒன்றினிடம் இறங்குவரிசையிலும், அதாவது 0409 முதல் 0400 வரை, பின் 0419 முதல் 0410 வரை என இருந்தால், தவறு இரண்டாம் சுற்றினது. ஒவ்வொரு பத்தையும் தனியே எடுத்து இதே போல நிமிர்த்த வேண்டும்.

இரண்டாம் சுற்றையும் மூன்றாம் சுற்றையும் முகம் மேலே பார்த்தபடியே செய்தவர்களுக்கு வேறொரு விசித்திரமான ஒழுங்கு கிடைக்கும்: 0490, 0491 என 0499 வரை ஏறி, அடுத்து 0480 முதல் 0489 வரை ஏறி, இப்படியே பத்துகள் இறங்கிக்கொண்டு 0409இல் முடியும். ஒன்றினிடம் இரண்டு தடவை புரண்டதால் நேராகிவிட்டது; பத்தினிடம் ஒரு தடவை மட்டும் புரண்டதால் தலைகீழாக நிற்கிறது. இதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, இறாக்கையும் தேவையில்லை. கட்டின் மேலிருந்து 49இல் தொடங்கும் தாள்களை ஒரு பிடியாக எடுத்து மேசையில் வைத்து, அடுத்து வரும் 48இன் பிடியை அதன் மேல் வைத்து, 47இன் பிடியை அதற்கும் மேல் வைத்து, 40இன் பிடி உச்சியில் வரும்வரை அடுக்கினால் அந்த நூறு சரியாகிவிடும். பிடிக்குள் இருக்கும் தாள்களைத் தொடவே கூடாது.

முதற்சுற்றை மட்டும் முகம் மேலே பார்த்தபடி செய்திருந்தால் எந்தக் குழப்பமும் வராது. ஏனெனில் அதற்கு முன்னர் காக்க வேண்டிய ஒழுங்கு எதுவும் இருக்கவில்லை. இதனால்தான் சிலர் முதற்சுற்றில் எப்படி வைத்தாலும் சரி வந்ததைக் கண்டு, முகம் கவிழ்ப்பது வெறும் சம்பிரதாயம் என்று நினைத்து, அடுத்த சுற்றில் சிக்கிக்கொள்கிறார்கள். மூன்று சுற்றையும் ஒரே விதமாகச் செய்வதே கைக்குப் பழக்கம்.

பூச்சியத்தில் முடியும் எண்களெல்லாம் மேலே நிற்கின்றன

கட்டின் மேலே 0010, 0020, 0030 போன்ற, அல்லது 0100, 0200, 0300 போன்ற பூச்சியத்தில் முடியும் எண்களும், அவற்றுக்குப் பின் ஒன்றில் முடியும் எண்களும் நின்றால், ஒன்றினிடத்தைக் கடைசிச் சுற்றாகச் செய்திருக்கிறார்கள். நூறினிடத்திலிருந்து தொடங்குவதுதான் மனிதருக்கு இயல்பாகத் தோன்றும். பெரிய பிரிவை முதலில் பிரிப்பதுதானே முறை என்று தோன்றுவது நியாயமே. ஆனால் ஒவ்வொரு சுற்றின் பின்னும் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கும் இம்முறையில், கடைசியாகப் பார்த்த இலக்கமே முழுக் கட்டையும் ஆள்கிறது.

இதிலும் மூன்று சுற்றையும் மீண்டும் செய்ய வேண்டியதில்லை. ஒன்றினிடத்தைக் கடைசியாகச் செய்து முடித்த கட்டு, ஒன்றினிடத்தை முதலில் செய்து முடித்த கட்டுக்குச் சமமானது. ஆகவே அதை எவ்விதத்திலும் கலைக்காமல், பத்தினிடச் சுற்றையும் நூறினிடச் சுற்றையும் மட்டும் அந்த ஒழுங்கில் செய்தால் வரிசை வந்துவிடும்.

நூறினிடத்திலிருந்து தொடங்குவது எப்போதும் தவறு என்பதும் அல்ல. பிரித்த நூற்றுக் கட்டுகளை மீண்டும் ஒன்றாகச் சேர்க்காமல், ஆளுக்குச் சில நூறுகளாகப் பங்கிட்டு, ஒவ்வொருவரும் தமது நூற்றை ஒன்றினிடம், பத்தினிடம் எனத் தனியே வரிசையாக்கினால் அது நல்ல முறையே. ஐந்தாறு பேர் உதவிக்கு இருக்கும் நாளில் நான் அதையே விரும்புவேன். இரண்டு முறைகளையும் பாதிப் பாதியாகக் கலப்பதுதான் கெடுதல்.

0001க்குப் பக்கத்தில் 1001 நிற்கிறது

மூன்றாம் சுற்றில் முதல் இரண்டு இலக்கங்களையும் சேர்த்து வாசிக்காமல், நூறினிடத்தை மட்டும் பார்த்துப் பத்து அறைகளில் இட்டால், 0001, 1001, 0002, 1002 எனத் தாள்கள் இரட்டை இரட்டையாக வரும். சில இரட்டைகளில் ஆயிரத்தின் தாள் முந்தியும் நிற்கலாம். இது 0248 வரை மட்டுமே நடக்கும். அதன்பின் வரிசை தூய்மையாக இருக்கும். 0, 1, 2 ஆகிய மூன்று அறைகளின் கட்டுகளை மட்டும் எடுத்து, ஆயிரத்தினிடம் பூச்சியமானவை ஒரு பக்கம், ஒன்றானவை மறுபக்கம் என முகம் கவிழ்த்துப் பிரித்து, பின்னதை 0999க்கு அப்பால் கொண்டுபோய் வைத்தால் முடிந்தது.

ஒரு தாளைக் காணவில்லை

வரவுப் பட்டியலின்படி 0473 பரீட்சைக்குத் தோற்றியிருக்கிறார். 0472க்கும் 0474க்கும் இடையில் அவருடைய தாள் இல்லை. மற்றவையெல்லாம் வரிசையில் உள்ளன. இந்த நேரத்தில் 1248 தாள்களையும் புரட்டத் தொடங்குவது பாவம். ஒரு தாளை ஒரு சுற்றில் தவறான அறையில் இட்டால், அது அந்த ஓர் இலக்கம் மட்டும் மாறிய எண்ணின் இடத்தில்தான் போய் நிற்கும். பத்தினிடச் சுற்றில் 7க்குப் பதிலாக 8இல் இட்டிருந்தால், 0473 என்ற தாள் 0483க்கு ஒட்டினாற்போல நிற்கும். ஒன்றினிடத்தில் தவறியிருந்தால் 0470 முதல் 0479 வரையான தாள்களுக்குள்ளேயே இருக்கும். ஒரே பார்வையில் தெரியும். பத்தினிடத்தில் தவறியிருந்தால் அதே நூறில் 3இல் முடியும் ஒன்பது எண்களின் அருகே தேட வேண்டும். நூறினிடத்தில் தவறியிருந்தால் மற்றப் பன்னிரண்டு நூறுகளிலும் 73இல் முடியும் எண்ணின் அருகே தேட வேண்டும். அவற்றுள் 12இல் தொடங்கும் நூறில் 1273 இல்லை என்பதால் அங்கே கட்டின் கடைசியைப் பார்க்க வேண்டும். ஆக, அதன் சொந்தப் பத்துக்கு வெளியே இருபத்தொரு இடங்கள்தான்.

அந்த இருபத்தொன்றையும் ஒரே கண்ணோடு பார்க்க வேண்டியதுமில்லை. அறை தவறுவதற்கு இரண்டு காரணங்களே பெரும்பாலும் உண்டு. ஒன்று, கையெழுத்து: 7ஐ 1 என வாசித்திருக்கலாம், அப்படியானால் தாள் 0413 அருகே, 4ஐ 9 என வாசித்திருக்கலாம், அப்படியானால் 0973 அருகே, 3ஐ 8 என வாசித்திருந்தால் 0478 அருகே. மற்றையது, கை தவறுதல்: வாசித்த எண் சரி, தாள் போனது பக்கத்து அறைக்கு. இரண்டு வரிசை இறாக்கையில் 7ஆம் அறைக்கு இடமும் வலமும் 6, 8. நேர் மேலே 2. ஆகவே 0463, 0483, 0423 ஆகியவற்றின் அருகே பார்க்க வேண்டும். 4ஆம் அறை மேல் வரிசையின் முனையில் இருப்பதால் அதற்கு அயல் 3உம், நேர் கீழே 9உம் மட்டுமே. அங்கே கையெழுத்தும் கைத்தவறும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. ஆகவே நான் 0973இன் அருகே முதலில் பார்ப்பேன்.

இந்த இடங்களில் எதிலும் இல்லையென்றால், தாள் அறை தவறவில்லை. வேறொரு தாளின் முதுகில் தொற்றிக்கொண்டு போயிருக்கிறது. பிணிப்பூசியின் முனை சரியாக மடியாமல் நீட்டிக்கொண்டிருந்தால் அடுத்த தாளின் மூலையைக் கொளுவிக்கொள்ளும். இரண்டு விடைத்தாளையும் ஒன்றென எண்ணி மூன்று சுற்றும் ஓடிவிடுவோம். கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் காகிதம் ஈரம் இழுத்து ஒட்டிக்கொள்வதும் உண்டு. இதன் அடையாளம் தெளிவானது: 0362க்குப் பின்னே 0915 நிற்பது போல, இரண்டு எண்களுக்கும் எந்தத் தொடர்பும் இராது. இதைத் தேட எண்களை வாசிக்க வேண்டியதில்லை. கட்டின் ஓரத்தைப் பக்கவாட்டில் பார்த்து, வழக்கத்தைவிடத் தடித்த தாள்களை மட்டும் விரித்துப் பார்த்தால் போதும். மேலதிகத் தாள் வாங்கி எழுதிய கெட்டிக்காரப் பிள்ளைகளின் விடைத்தாள்களும் அப்போது அகப்படும். அது தவிர்க்க முடியாதது.

இன்னொரு வகைத் தாள், தேடாமலே கண்ணில் படும்: பரீட்சார்த்தி 0047 என்று எழுதாமல் வெறுமனே 47 என்று எழுதியது. வலப்பக்கத்திலிருந்து வாசிப்பவருக்கு முதல் இரண்டு சுற்றிலும் இதனால் தொல்லை இல்லை; 7, பின்னர் 4 என அது சரியாகவே போகும். மூன்றாம் சுற்றில்தான் "முதல் இரண்டு இலக்கம் 47" என்று வாசித்து, அப்படி ஓர் அறை இல்லாமல் தடுமாறுவார்கள், அல்லது 4ஆம் அறையில் போட்டுவிடுவார்கள். சுற்றைத் தொடங்குமுன் இத்தகைய எண்களுக்கு முன்னே சிவப்புப் பேனாவால் பூச்சியங்களை இட்டுவிட வேண்டும். எண்ணே விளங்காத தாளை ஊகித்து ஓர் அறையில் இடுவதைவிடத் தனித்தட்டில் போட்டு, கடைசியில் வரவுப் பட்டியலில் மிஞ்சும் சுட்டெண்களோடு ஒப்பிடுவது பாதுகாப்பானது.

ஒரு பத்துக்குள் 5 முதல் 9 வரை முன்னே, 0 முதல் 4 வரை பின்னே

இது இருவர் பங்கிட்டுச் செய்ததன் அடையாளம். இரண்டாம் சுற்றின்போது முற்பாதியை ஒருவரும் பிற்பாதியை மற்றவரும் எடுத்து, ஆளுக்கோர் இறாக்கையில் பிரித்திருக்கிறார்கள். முற்பாதியில் 4 வரை முடியும் எண்களும், பிற்பாதியில் 5 முதல் முடியும் எண்களும் இருந்தன. சேர்க்கும்போது, 7ஆம் அறையில் மட்டும் இரண்டாமவரின் கட்டை முதலாமவரின் கட்டுக்கு முன்னே வைத்துவிட்டால், ஒவ்வொரு நூறிலும் எழுபதுகள் மட்டும் 0475 முதல் 0479 வரை, பின் 0470 முதல் 0474 வரை என வரும். 12இல் தொடங்கும் நூறில் எழுபதுகள் இல்லை என்பதால், பன்னிரண்டு இடங்களில் வெட்டி மாற்றினால் சரியாகிவிடும். இதைத் தவிர்க்க, எந்த இறாக்கை "முன்", எது "பின்" என்று சோக்கட்டியால் எழுதிவிட்டு, ஒவ்வொரு அறையிலும் முன்னதையே முதலில் எடுக்க வேண்டும்.

இருவரும் ஒரே கட்டிலிருந்து மாறி மாறி எடுத்து ஒரே இறாக்கையில் இட்டிருந்தால் நிலைமை வேறு. ஒருவர் எண்ணைப் பார்த்துத் தயங்கும் நேரத்தில் அடுத்தவர் முந்திவிடுவதால், எந்த ஒழுங்குமின்றி அங்கொன்றும் இங்கொன்றுமாக அயல் தாள்கள் இடம் மாறியிருக்கும். இதற்கு வடிவம் இல்லை, ஆகவே குறுக்குவழியும் இல்லை. பட்டியலில் பதியும்போதே ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு போக வேண்டியதுதான்.

கட்டு விழுந்து சிதறினால்

ஆடி மாதக் கச்சான் காற்றில் யன்னலைத் திறந்து வைத்துவிட்டோ, தலைக்கு மேலே மின்விசிறியைச் சுழலவிட்டோ இவ்வேலையைச் செய்யக்கூடாது. அப்படியும் ஒரு கட்டு சிதறினால், எந்தச் சுற்றின் பின் சிதறியது என்பதைப் பொறுத்தே வேலை அமையும். முதற்சுற்றின் பின் ஓர் அறையின் கட்டு சிதறினால் எப்படிப் பொறுக்கி அடுக்கினாலும் பரவாயில்லை. அதிலுள்ள எல்லாம் ஒரே இலக்கத்தில் முடிபவை. இரண்டாம் சுற்றின் பின் 6ஆம் அறையின் கட்டு சிதறினால், அதில் ஏறக்குறைய 120 தாள்கள் இருக்கும். அவற்றை மட்டும் ஒன்றினிடப்படி ஒரு தடவை பிரித்து, 0 முதல் 9 வரை சேர்த்து, பழைய இடத்திலேயே வைத்துவிட்டு மூன்றாம் சுற்றுக்குப் போகலாம். மூன்றாம் சுற்றின் பின் ஒரு நூற்றுக் கட்டு சிதறினால், அந்த நூற்றுக்கு மட்டும் ஒன்றினிடம், பத்தினிடம் என இரண்டு சுற்றுத் தேவை.

மூன்றாம் சுற்றின் நடுவே, அறைகளில் பாதியும் மேசையில் பாதியுமாக இருக்கும்போது பல கட்டுகள் ஒன்றாகச் சரிந்து கலந்தால் மட்டுமே முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த நிலை வராதிருக்க, இரண்டாம் சுற்று முடிந்தவுடன் ஒவ்வொரு கட்டையும் நூலால் குறுக்கே கட்டி, மேலே பத்தினிட இலக்கத்தை எழுதிய துண்டொன்றைச் செருகி, மூன்றாம் சுற்றில் ஒரு கட்டு முடிந்த பின்னரே அடுத்ததன் முடிச்சை அவிழ்க்க வேண்டும். இறப்பர் வளையம் வேண்டாம். அது நடுவில் இறுக்கிக் கட்டை வளைத்துவிடும், வளைந்த தாள் அறைக்குள் சரியாகப் படியாது.